பூட்டிக் உரிமையாளர்களுக்கான மொத்தத் துணி வீடியோ: ஓர் அச்சுக் கொட்டன் ரகத்தை வைத்துத் தொடக்கம் முதல் பதிவேற்றம் வரை

யாழ்ப்பாண நகரிலிருந்து மொத்தமாகத் துணி கொடுக்கும் ஒருவர், வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வெள்ளவத்தையிலோ பூட்டிக் நடத்தும் ஒருவருக்குத் தம் துணியைத் தொட்டுக் காட்ட முடியாது. தொட்டுப் பார்க்கும் வேலையை வீடியோ செய்ய வேண்டும். பார்ப்பவர் மூன்று விடயங்களைத்தான் தேடுகிறார்: துணி எப்படிப்பட்டது, ஆகக் குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும், பணம் கட்டினால் எப்போது அனுப்புவீர்கள். இந்த மூன்றுக்கும் நான்கு நிமிடத்துக்குள் பதில் சொல்லும் வீடியோவை எந்த ஒழுங்கில் தயாரிப்பது என்பதை, 44 அங்குல அகல அச்சுக் கொட்டன் ரகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன்.

1. ஒரு வீடியோவுக்கு ஒரே ரகம்

கடையில் முப்பது ரகம் இருந்தாலும் ஒரு வீடியோவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடையின் பெயர்ப்பலகையில் ஆரம்பித்து, தட்டு தட்டாகக் கமராவை நகர்த்தி, எல்லா ரோல்களையும் காட்டிவிட்டு முடிக்கிறார்கள். பூட்டிக் உரிமையாளருக்கு அதிலிருந்து ஒரு முடிவும் எடுக்க வர மாட்டாது. ரகத்துக்கு ரகம் எடை, சுருக்கம், ஆகக் குறைந்த ஓடர் எல்லாமே வேறுபடும் என்பதால், பல ரகங்களை ஒன்றாகக் காட்டினால் எந்த எண் எதற்குரியது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

தெரிவு செய்யும் ரகத்தில் போதிய இருப்பு இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்ட அச்சுக் கொட்டனில் எட்டு நிற அச்சுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 80 மீற்றருக்குக் குறையாமல் இருந்தது. கடைசி 15 மீற்றரை வைத்து வீடியோ எடுத்தால், அது வெளிவரும் அன்றே "முடிந்துவிட்டது" என்று பதில் எழுத வேண்டியிருக்கும்.

2. கமராவுக்கு முன் சோதனை

துணியின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு உங்களிடம் அளவுகள் இருக்க வேண்டும். "முதல்தரம்", "நல்ல கொட்டன்" என்ற சொற்களை எல்லா விற்பனையாளரும் சொல்வதால் அவை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. கீழுள்ள நான்கு சோதனைகளையும் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே கடையில் செய்து, பெறுபேறுகளை ஒரே தாளில் எழுதி வையுங்கள். துவைத்த துணி முழுமையாக உலர வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு நாள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலாவது எடை. ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதையே துணிக்காரர்கள் ஜிஎஸ்எம் என்கிறார்கள். 10 சென்ரிமீற்றர்ச் சதுரத்தை வெட்டி நிறுத்து நூறால் பெருக்குவது வழக்கமான முறை. ஆனால் அதற்கு நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசு வேண்டும். சமையலறைத் தராசு மட்டும் இருந்தால் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை வெட்டி நிறுத்து நான்கால் பெருக்குங்கள். எங்கள் துண்டு 30 கிராம் காட்டியது. ஆகவே 120 ஜிஎஸ்எம். ஈரக்காற்றைக் கொட்டன் உறிஞ்சி எடை கூடிக் காட்டும் என்பதால் மழை நாளில் நிறுக்க வேண்டாம்.

இரண்டாவது சுருக்கம். 60 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றின் நடுவே, அழியாத மையால் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் வரையுங்கள். ஓரம் பிரிந்துபோனாலும் அளவு கெடாமல் இருப்பதற்காகவே உள்ளே வரைகிறோம். நீளவாட்டைக் காட்ட ஓர் அம்புக்குறியும் இடுங்கள். துவைத்த பிறகு எந்தப் பக்கம் நீளம் என்று தேட வேண்டியிராது. வாடிக்கையாளர் வீட்டில் துவைப்பதுபோலவே துவைத்து, நிழலில் உலர்த்தி, இழுக்காமல் மேசையில் விரித்து அளவெடுங்கள். எங்களுக்கு நீளவாட்டில் 48 சென்ரிமீற்றரும் அகலவாட்டில் 49 சென்ரிமீற்றரும் வந்தன. அதாவது நீளத்தில் 4 வீதம், அகலத்தில் 2 வீதம். 42 அங்குல நீளக் குர்த்தா ஒன்று முதல் துவைப்பிலேயே இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டையாகும் என்பது இதன் பொருள். தைத்து விற்ற பிறகு இதை அறிவதைவிட, வெட்டும் முன்பே அறிந்துகொள்ளவே எந்தப் பூட்டிக் உரிமையாளரும் விரும்புவார்.

மூன்றாவது சாயம். வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, அச்சின் மிகக் கடுமையான நிறத்தின் மீது பத்து முறை தேய்த்துப் பாருங்கள். பிறகு கைக்குட்டையின் இன்னொரு மூலையை நனைத்து அதேபோல் பத்து முறை. உலர்ந்த தேய்ப்பில் ஒன்றும் ஒட்டாத துணிகூட ஈரத் தேய்ப்பில் நிறம் விடக்கூடும். எட்டு அச்சுகளில் கருநீலம் மட்டும் ஈரத்தில் மெல்லிய நீலக் கறையை விட்டது. அதை மறைக்காமல் தாளில் எழுதினோம், வீடியோவிலும் சொன்னோம்.

நான்காவது நூல். கொட்டன் என்று வாங்கிய துணியில் பொலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, நீளவாட்டிலிருந்து இரண்டு நூலும் குறுக்குவாட்டிலிருந்து இரண்டு நூலும் உருவி, தனித்தனியாக எரித்துப் பாருங்கள். ஒரு வாட்டில் மட்டும் கலப்பு நூல் போட்டு நெய்த துணிகள் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்து எரிக்கக் கூடாது. கொட்டன் நூல் கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து, விரலில் தூளாகும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத கறுத்த மணியாக இறுகும். ரேயோனும் கொட்டனைப் போலவே எரியும் என்பதால், அந்த ஐயம் இருந்தால் நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயோன் நனைந்தால் வலுவிழந்து எளிதில் அறும். கொட்டன் நனைந்தாலும் வலுவிழக்காது. இந்தச் சோதனையைக் கடைக்கு வெளியே, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் செய்யுங்கள். ரோல்கள் அடுக்கிய அறைக்குள் தீக்குச்சி கொளுத்துவது மிகத் தவறு.

3. வெளிச்சம்: நிறம் மாறினால் முழு வீடியோவும் வீண்

என் முதல் வீடியோவில் நான் செய்த தவறு இதுதான். கடைக்குள் ரியூப் லைற்றும் மஞ்சள் குமிழும் ஒன்றாக எரிய, கதவால் பகல் வெளிச்சமும் வர, அரக்குச் சிவப்பு அச்சு ஒன்றைப் படமெடுத்தேன். போனில் அது பளிச்சென்ற சிவப்பாகத் தெரிந்தது. நான் அதைத் திருத்தாமல் பதிவேற்றினேன். மட்டக்களப்பில் பூட்டிக் வைத்திருக்கும் ஒரு அக்கா 20 மீற்றர் எடுத்தார். பார்சலைப் பிரித்த மாலையில் அழைத்து, "தம்பி, நான் கேட்டது சிவப்பு, நீங்கள் அனுப்பியது அரக்கு. இதை நான் யாருக்குத் தைத்துக் கொடுப்பது?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். துணி திரும்பி வந்தது. போக்குவரத்துச் செலவை இரு வழிக்கும் நாங்களே ஏற்றோம்.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. கடையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, திறந்த கதவுக்கோ பெரிய யன்னலுக்கோ அருகில், நேரடி வெயில் படாத இடத்தில் மேசையைப் போடுங்கள். காலை எட்டரை முதல் பத்து மணி வரை இந்த வெளிச்சம் சீராக இருக்கும். துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் படத்துக்குள் வையுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் துணியின் நிறமும் பொய் சொல்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

போன் தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருப்பதையும் நிறுத்த வேண்டும். ஐபோனில் திரையில் துணி இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்ற எழுத்துத் தோன்றும்; அதன் பிறகு கை குறுக்கே வந்தாலும் வெளிச்சம் ஏறி இறங்காது. பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களிலும் அழுத்திப் பிடித்தால் இதே பூட்டு வரும். நுண்ணிய கட்டங்கள் கொண்ட அச்சில் திரையில் நீர் அலைபோன்ற கோடுகள் ஓடினால், அது துணியின் குறையல்ல. கமராவைச் சற்று நெருக்கினாலோ விலக்கினாலோ மறைந்துவிடும்.

எடுத்த காட்சியையும் துணியையும் அருகருகே வைத்து, கடையில் வேறொருவரிடம் காட்டி "இரண்டும் ஒரே நிறமா?" என்று கேளுங்கள். எடுத்தவரின் கண் துணியின் உண்மை நிறத்துக்குப் பழகிப்போயிருக்கும். அதனால் பிழை தெரியாது.

4. தரத்தைக் காட்டும் காட்சிகளின் ஒழுங்கு

வீடியோவின் முதல் பத்து விநாடிக்குள் துணி கையில் இருக்க வேண்டும். "44 அங்குல அகலம், 120 ஜிஎஸ்எம், இரு வாட்டிலும் முழுக் கொட்டன், எட்டு அச்சுகள்" என்று குரல் சொல்லும்போது, ரோலிலிருந்து ஒன்றரை மீற்றர் உருட்டி விரிவதைக் காட்டுங்கள். உருளும் விதத்திலேயே துணி விறைப்பானதா தளர்வானதா என்பதைத் தையல் தெரிந்தவர் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, கையைத் துணிக்குப் பின்னால் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உள் துணி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பூட்டிக் உரிமையாளர் மனதில் எழும் முதற்கேள்வி. ஏனெனில் உள் துணி வைத்தால் ஓர் ஆடையின் அடக்கவிலையே மாறிவிடும். எங்கள் துணியில் கடும் நிறங்களில் விரல்கள் தெரியவில்லை, வெள்ளைத் தரையுள்ள இரண்டு அச்சுகளில் நிழலாகத் தெரிந்தன. ஆகவே எட்டு அச்சுகளையும் இரண்டிரண்டு விநாடி வீதம் தனித்தனியே பிடித்துக் காட்டினோம். கடும் நிறத்தை மட்டும் காட்டி நிறுத்துவது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும்.

பின்பு அளவுநாடாவைக் கரையிலிருந்து கரைவரை விரித்து அகலத்தைக் காட்டுங்கள். 44 என்று ரோலில் எழுதியிருந்தாலும் நாடா 43 காட்டினால் 43 என்றே சொல்லுங்கள். சுற்றளவு கூடிய கீழங்கியை வெட்டுபவருக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய விடயம்.

இறுதியாக, துவைத்த துண்டையும் துவைக்காத துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மை கொண்டு வரைந்த சதுரம் சுருங்கியிருப்பது ஒரு பார்வையிலேயே விளங்கும். குரல் இப்படிச் சொல்லட்டும்: "நீளத்தில் 4 வீதம் சுருங்கும். வெட்டும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். கருநீலத்தைத் தனியாகத் துவைக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்." இந்தக் குறைகளைச் சொன்னால் ஓடர் குறையும் என்று கடைக்காரர்கள் பலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், இதைக் கேட்ட பிறகுதான் பூட்டிக் உரிமையாளர்கள் தாமே அழைத்து அடுத்த கேள்விக்கு வருகிறார்கள். நூல் எரிக்கும் காட்சியைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். எட்டு விநாடிக்கு மேல் போக வேண்டாம்.

5. ஆகக் குறைந்த ஓடரைச் சொல்லும் விதம்

"மினிமம் 60 மீற்றர்" என்று மட்டும் சொன்னால் குறைந்தது நான்கு பேராவது ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: ஒரே அச்சில் 60 மீற்றரா, எல்லாம் சேர்த்தா? இந்தக் கேள்வி வீடியோவுக்கு வெளியே போகவிடக் கூடாது. மொத்த அளவையும், ஓர் அச்சுக்கான குறைந்த அளவையும் இரண்டு தனி வாக்கியங்களில் சொல்லுங்கள்.

ஓர் அச்சுக்கான அளவை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதைப் பூட்டிக் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும். 44 அங்குல அகலத்தில் கை வைத்த நீளக் குர்த்தா ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 மீற்றர் வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று நான்கு அளவில் ஒவ்வொன்று தைத்தால் 10 மீற்றர். ஆகவே ஓர் அச்சில் 10 மீற்றர் என்று வைத்தோம். 7 மீற்றர் என்று வைத்திருந்தால் வாங்குபவருக்கு அளவுத் தொகுதி முழுமைப்படாது, எங்களுக்கும் ரோலில் விற்க முடியாத துண்டு மிஞ்சும்.

மொத்தமாக 60 மீற்றர் என்பது ஆறு அச்சுகள், 24 குர்த்தாக்கள். வீடியோவில் இதை மேசை மேல் ஆறு அடுக்காக மடித்து வைத்துக் காட்டுங்கள். "60 மீற்றர்" என்ற சொல்லைவிட அந்த ஆறு அடுக்கு எளிதில் மனதில் பதியும். மீற்றருக்கு 700 ரூபா என்று வைத்துக்கொண்டால் முதல் ஓடருக்கு 42,000 ரூபா தேவைப்படும் என்பதையும் அவர் அங்கேயே கணக்குப் பார்த்துவிடுவார். ஆனால் விலையைக் குரலில் சொல்லாதீர்கள். விலை மாறும்போது குரலை மாற்ற முடியாது. திகதியிட்ட விலைப்பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

மீற்றரா யாரா என்பதையும் தெளிவாக்குங்கள். எங்கள் ஊர்க் கடைகளில் யார்க் கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது. 10 யார் என்பது 9.14 மீற்றர்தான்; நான்காவது குர்த்தாவுக்குத் துணி போதாமல் போவதற்கு இந்த வித்தியாசமே போதும்.

மறு ஓடரைப் பற்றி ஒரு வாக்கியம் அவசியம். ஒரே அச்சாக இருந்தாலும் அடுத்த தடவை சாயமிட்டு வரும் துணியில் நிறம் சற்று மாறலாம். எனவே "இந்த அச்சில் இப்போது இவ்வளவு மீற்றர் இருக்கிறது; அடுத்த தொகுதி வரும்போது நிறத்துண்டு அனுப்பி ஒப்புதல் பெற்ற பிறகே வெட்டுவோம்" என்று சொல்லுங்கள். ஒரே திருமண வீட்டுக்குப் பன்னிரண்டு பேருக்குத் தைக்க ஒப்புக்கொண்ட பூட்டிக், பாதித் துணியை ஒரு தொகுதியிலும் மீதியை இன்னொன்றிலும் வாங்கினால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

6. அனுப்பும் நாள்: எண்ணத் தொடங்கும் நேரம் எது?

அனுப்புவது வேறு, போய்ச் சேர்வது வேறு. பார்சல் உங்கள் கடையை விட்டுப் போகும் நாளுக்கு நீங்கள் பொறுப்பு. லொறியோ பஸ்ஸோ கூரியரோ கொண்டுபோய்ச் சேர்க்கும் நாளுக்கு மதிப்பீடு மட்டுமே சொல்ல முடியும். இரண்டையும் ஒன்றாக்கி "மூன்று நாளில் கிடைக்கும்" என்று சொல்வது, நான் கண்டவற்றுள் அதிகமாகத் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

எத்தனை நாள் என்பதை நினைவிலிருந்து சொல்லாமல் உங்கள் கடைசிப் பத்து ஓடர்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் கொப்பியில் எட்டு ஓடர்கள் இரண்டு வேலைநாளிலும், ஒன்று மூன்று நாளிலும், ஒன்று ஐந்து நாளிலும் போயிருந்தன. ஐந்து நாள் பிடித்ததற்குக் காரணம், கேட்ட அச்சு கையிருப்பில் முடிந்திருந்தும் பணத்தை வாங்கிவிட்டதுதான். அதைத் தவிர்க்க, பணம் கட்டச் சொல்லும் முன் ரோலை அளந்து ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினோம். அதன் பிறகு வீடியோவில் "மூன்று வேலைநாள்" என்று சொன்னோம். பெரும்பாலும் இரண்டில் முடிகிறது என்றாலும் இரண்டைச் சொல்லவில்லை. வாங்குபவர் தன் தையற்காரருக்கு நாள் குறிப்பது நீங்கள் சொல்லும் எண்ணை வைத்துத்தான்.

எண்ணத் தொடங்கும் நேரத்தையும் சொல்லுங்கள். பற்றுச்சீட்டின் படம் வந்த நேரமா, பணம் கணக்கில் சேர்ந்த நேரமா? பகல் பன்னிரண்டு மணிக்கு முன் பணம் சேர்ந்தால் அன்றே முதல் நாள், பின்னர் சேர்ந்தால் அடுத்த வேலைநாள் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஓர் உதாரணம் சொல்வது நல்லது: செவ்வாய் காலை பதினொரு மணிக்குப் பணம் சேர்ந்தால், வியாழன் மாலைக்குள் பார்சல் லொறியில் ஏறும். சனி மாலை சேர்ந்தால் திங்கள்தான் முதல் நாள். ஞாயிறும் போயா நாளும் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்தைய வாரங்களிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மூன்று நாள் என்ற வாக்கு நிற்காது. அதை வீடியோவுக்குள் விரிக்காமல், பருவம் தொடங்கும்போது வீடியோவின் விளக்கத்தில் புதிய எண்ணை எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது.

காட்சிக்கு, துணியை மீற்றர்க்கோலால் அளந்து வெட்டுவது, குறை இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பது, பொலித்தீன் உறையில் இட்டுச் சாக்கில் தைப்பது ஆகியவற்றை ஐந்து விநாடி வீதம் எடுங்கள். மழைக்காலத்தில் பார்சல் நனையுமா என்ற கவலைக்கு அந்தப் பொலித்தீன் உறையே பதில்.

7. குரலும் எழுத்தும்

குரலைப் படமெடுக்கும்போது பதியாமல், பின்னர் மின்விசிறியை நிறுத்திய அறையில், துணி ரோல்கள் சூழ்ந்த மூலையில் இருந்து பதியுங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். முன்பு எழுதிய தாளைப் பார்த்துப் பேசலாம், தவறில்லை. எண்களைச் சொல்லும் இடங்களில் அதே எண்களைத் திரையிலும் பெரிய எழுத்தில் இடுங்கள்; வாடிக்கையாளர் கடையில் நிற்கும்போது ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் பூட்டிக் உரிமையாளர்கள் பலர். பின்னணி இசை தேவையில்லை.

8. பதிவேற்றியதும் செய்ய வேண்டியது

தலைப்பில் ரகத்தின் பெயர், அகலம், ஆகக் குறைந்த மீற்றர் மூன்றும் வரட்டும். விளக்கத்தின் முதல் மூன்று வரிகளில் சோதனைத் தாளிலுள்ள எண்களையும் படமெடுத்த திகதியையும் எழுதுங்கள். எட்டு அச்சுகளுக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்து, வீடியோவிலும் அதே எண்ணைக் காட்டியிருந்தால், "நீலப் பூப்போட்டது" என்று கேட்டு இரண்டு நீலங்களுக்கிடையே தடுமாறும் நிலை வராது.

ஓர் அச்சு தீர்ந்ததும் அன்றே மேலே பொருத்திய கருத்தில் "எண் 3 முடிந்தது" என்று எழுதுங்கள். ஆறு அச்சுகளுக்குக் குறைந்து, 60 மீற்றரை அச்சுக்குப் பத்து வீதம் கலந்து எடுக்க முடியாத நிலை வந்தால் வீடியோவை மறைத்துவிட்டு, புதிய தொகுதி வந்ததும் அதே சோதனைகளை மறுபடியும் செய்து புதிதாக எடுங்கள். முந்தைய தொகுதியின் 4 வீதம் புதிய தொகுதிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.